பீரோக் கதவில் ஒரு நம்பர்

மல்லசமுத்திரத்துச் சௌமியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் அரைகுறையாக விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு அட்டை போட்டால் அன்றைக்கே எல்லா நோட்டுக்கும் போட்டு, பெயர் எழுதி, அடுக்கி வைத்துவிட்டுத்தான் சோறு உண்பாள். இந்த ஒழுங்குதான் அவளை முதல் மதிப்பெண் வாங்க வைத்தது, இங்கிலாந்து வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. போய்ச் சேர்ந்த நாலாம் நாளே அவளை வம்பில் மாட்டிவிட்டதும் அதுதான்.

அவளுடைய அப்பா செங்கோடன் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. செங்கோடன் ஆழ்குழாய்க் கிணறு போடாத மாநிலமும் அனேகமாகக் கிடையாது. வருடத்தில் பத்து மாதம் அவர் எங்கேயாவது ஒரு பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே எத்தனை குழி போடுகிறோம் என்று அவர் ஒருமுறை சலித்துக்கொண்டதைக் கேட்டுத்தான் மகள் நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கப் போனாள். இளநிலை கோயம்புத்தூரில். முதுநிலை லீட்ஸ் நகரத்தில், வங்கிக் கடனில். அந்தக் கடனுக்கு அம்மா ராசாத்தியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் சௌமியா தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு சிம் கார்டு கேட்டாள். பாஸ்போர்ட்டு, விசா விவரம், பல்கலைக்கழகத்தின் கடிதம், மூன்று புகைப்படம் எல்லாம் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். கடைக்காரர் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்லெட் விற்கிற மாதிரி சிம்மை எடுத்து வைத்துவிட்டுப் பத்து பவுண்டு ரீசார்ஜையும் போட்டுக் கொடுத்தார். பெயர் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. நம்மூரில் கைரேகை வைத்து, கண்ணைச் சிமிட்டி, கேமராவில் முகம் காட்டி வாங்கியவளுக்கு இது திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பில்லைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

விடுதி அறைக்கு வந்து சிம்மைப் போட்டதும் ஏழில் தொடங்கும் ஒரு நம்பர் அவளுடையதாகிவிட்டது. உள்ளூரில் கூப்பிடுகிறவர்கள் முன்னால் சைபர் போட வேண்டும். ஊரிலிருந்து கூப்பிட்டால் சைபரை விட்டுவிட்டு நாற்பத்து நாலு போட வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினாள். பிறகு அவளுடைய பழக்கம் தலைகாட்டியது. இனிமேல் எல்லா இடத்திலும் இந்த நம்பர்தான் என்று உட்கார்ந்தாள்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் பக்கத்தில் மாற்றினாள். விசா கணக்கில் மாற்றினாள். திங்கட்கிழமை உள்ளூர் வங்கியின் செயலியில் கணக்குத் தொடங்கியபோதும் இதைத்தான் கொடுத்தாள். ஆறு இலக்கக் குறியெண் ஒன்று வந்தது, போட்டாள், முடிந்தது. அன்று இரவு வாட்ஸப்பையும் விடவில்லை. அதில் நம்பரை மாற்றுகிற இடத்தில், தெரிந்தவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லட்டுமா என்று ஒரு கேள்வி வரும். டியூசன் வாத்தியாருக்கும் கேஸ் ஏஜென்சிக்காரருக்கும் நான் நம்பர் மாற்றியது எதற்குத் தெரிய வேண்டும், அம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என நினைத்து, வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். அது வரைக்கும் தினமும் அம்மாவிடம் பேசியது பழைய நம்பர் வாட்ஸப்பில், விடுதி வைஃபையில். பழைய சிம் போனின் இன்னொரு பக்கத்தில் சும்மாதான் கிடந்தது. கிளம்புவதற்கு முன் அதில் வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தாள். பட்டியலில் இருபத்து மூன்று வேலை. இருபத்திரண்டை முடித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கண் விழித்துப் போனைப் பார்த்தால் திருச்செங்கோட்டு வங்கியின் கடன் அதிகாரி வெங்கடாசலம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

கட்டணத்தின் மீதிப் பாதியை வங்கி நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய சான்றை வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் காட்டினால்தான் அவளுடைய பதிவு முடியும். காட்டாவிட்டால் இந்த வருடம் இடமில்லை. இடமில்லை என்றால் விசாவும் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புமுன் மாணவியின் பதிவான நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வது அந்தக் கிளையின் முறை. நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது என்று வெங்கடாசலம் எழுதியிருந்தார். புதிய நம்பரை மின்னஞ்சலில் மட்டும் சொன்னால் போதாது, சேர்ந்து கையெழுத்துப் போட்ட தாயார் கிளைக்கு நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். நாளையும் நாளை மறுநாளும் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. ஆகவே இன்று நாலு மணிக்குள்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘தங்கள் தாயாருக்கு நானே இருமுறை அழைத்தேன். நான் வங்கியிலிருந்துதான் பேசுகிறேன் என்பதை அவர் நம்ப மறுத்துவிட்டார்.’

அங்கே மணி அப்போது பன்னிரண்டரை. சௌமியா உடனே அம்மாவுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டாள். வாட்ஸப்பில் வருவது மகள்தான் என்ற பழக்கத்தில் ராசாத்தி எடுத்துவிட்டாள்.

“அம்மா, நான் சௌமியா பேசறேனுங்க. ஒரு அவசரம், நீங்க உடனே பேங்குக்குப் போவோணும்.”

அந்தப் பக்கம் பின்னால் மாடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எம்புள்ள நம்பரு எனக்குத் தெரியும். இது அவ நம்பர் இல்ல” என்றாள் ராசாத்தி. “கொரலக்கூட இப்ப மெசினே பேசுதாமா. எங்கிட்ட உங்க வேலையக் காட்டாதீங்க, வெச்சிருங்க.”

வைத்துவிட்டாள். சௌமியா திரும்பக் கூப்பிட்டாள், மணி போகவில்லை. ‘அம்மா நான்தான், இது என் புது நம்பர்’ என்று எழுதினாள், ஒற்றைக் குறியோடு நின்றுவிட்டது. ராசாத்தி அந்த நம்பரைத் தடை செய்துவிட்டாள்.

ராசாத்தியைக் குறை சொல்ல முடியாது. போன மாதம்தான் இதே வெங்கடாசலம் மல்லசமுத்திரத்தில் மகளிர் குழுக்களுக்கு ஒரு கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றால் நம்பாதீர்கள், பிள்ளை பேசுகிறேன் என்று புது நம்பரில் வந்தால் நம்பாதீர்கள், குரலைக்கூட நம்பாதீர்கள் என்று. பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் அப்படித்தான் மகன் பேசுவதாக நினைத்து நகைச்சீட்டுப் பணத்தைத் தொலைத்திருந்தாள். ராசாத்தி குழுத் தலைவி. கூட்டத்தில் கேட்டதை வீதி முழுக்கச் சொல்லி, பிளஸ் குறி போட்டு வருகிற எந்த நம்பரையும் எடுக்கக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறை. வெங்கடாசலம் கற்றுக்கொடுத்த பாடத்தை முதலில் வெங்கடாசலத்தின் மேலேயே காட்டியிருக்கிறாள்.

சௌமியாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அம்மா மேல் இல்லை, தன் மேல். இருபத்து மூன்றாவது வேலையை முடித்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை. வாட்ஸப்பைப் பழைய நம்பருக்கே திருப்பலாம் என்று பார்த்தாள்; அதற்கு அந்த நம்பருக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும், ரோமிங் இல்லாமல் வராது. ரோமிங்கைத் திறக்கலாம் என்று பார்த்தாள். அதற்கும் ஓடிபி அதே நம்பருக்குத்தான் போகும். அப்பாவைக் கூப்பிட்டாள். மத்தியப் பிரதேசத்துக் காட்டில் எங்கேயோ குழி போட்டுக்கொண்டிருந்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். வள்ளியாத்தாளைக் கூப்பிட்டாள். அவள் ஏற்கெனவே சூடு கண்டவள், எடுக்கவே இல்லை.

மணி ஒன்பதாகிவிட்டது. ஊரில் ஒன்றரை. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி இறங்கி வங்கிக்குப் போகக் குறைந்தது ஒரு மணி நேரம். சௌமியா கட்டிலில் உட்கார்ந்து மேசைக்கு மேலே ஒட்டியிருந்த தன் புது நம்பரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் பெரிதாக எழுதிய நம்பர். பக்கத்தில் ஊர்ப் பெயர்.

இந்த மாதிரி அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். வீட்டுப் பீரோவில்.

அவள் சின்னவளாக இருந்தபோது வெளி மாநிலத்தில் பேசினால் வருகிற போனுக்கும் காசு, போகிற போனுக்கும் காசு. ஆகவே செங்கோடன் ஒவ்வொரு மாநிலத்துக்கும் போனதும் அங்கத்து சிம் ஒன்று வாங்கிவிடுவார். ஆந்திராவில் ஒன்று, ஒரிசாவில் ஒன்று, ராஜஸ்தானத்தில் ஒன்று. ராசாத்தி ஒவ்வொன்றையும் பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மாநிலத்தின் பெயரையும் போட்டு வைப்பாள். ஆள் ஊருக்குத் திரும்பிய அன்றைக்கு அந்த நம்பரின் மேல் ஒரு கோடு இழுப்பாள். ஆனால் புது நம்பரிலிருந்து முதல் தடவை கூப்பிடும்போது அது யாரென்று எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கிற பெண்பிள்ளை தெரியாத நம்பரை எடுக்கமாட்டாள். அதற்குப் புருசனும் பெண்டாட்டியும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். முதலில் இரண்டு மணி, கட். அப்புறம் ஒரே மணி, கட். மூன்றாவதாக வருவதை எடுக்கலாம். மிஸ்டு காலுக்குக் காசில்லை, இரண்டு பேரைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியவும் தெரியாது. இரண்டு பேர் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்ணுக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டார்கள்.

இந்தியா முழுக்க ஒரே கட்டணம் என்று ஆன பிறகு செங்கோடன் நம்பர் மாற்றுவதை நிறுத்திவிட்டார். அந்த மணி அடித்து எட்டு வருடம் இருக்கும். அம்மாவுக்கு ஞாபகம் இருக்குமா என்று சௌமியாவுக்கு நிச்சயமில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

வாட்ஸப்பில்தான் தடை. சாதாரண அழைப்புக்குத் தடையில்லை. வெளிநாட்டுக்குப் பேச இன்னும் ஐந்து பவுண்டு போட்டுக்கொண்டாள். அம்மாவின் நம்பரை அழுத்தினாள். இரண்டு மணி போனதும் வைத்தாள். திரும்ப அழுத்தினாள். ஒரு மணி, வைத்தாள். மூன்றாவது தடவை அழுத்தினாள்.

ஒரு மணி முழுதாக அடித்து முடிவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

“ஏனுங்க” என்றாள் ராசாத்தி, மூச்சு வாங்க. “எந்த ஊருல இருக்கறீங்க? எதுக்கு நம்பர மாத்துனீங்க? போனு கீது தொலஞ்சு போச்சுங்களா?”

அம்மா அந்தக் குரலில் சௌமியாவிடம் பேசியதே இல்லை. அது அப்பாவுக்கு மட்டும் உண்டான குரல்.

“அம்மா. அப்பா இல்லீங்க. நான்தான்.”

“அந்த மணி உனக்கு எப்படிடி தெரியும்?”

“ரெண்டாங்கிளாசுல இருந்தே தெரியுமுங்க. ஒரிசாவுல இருந்து அப்பா கூப்பிட்டப்ப நீங்க அடுப்புல பால வெச்சுட்டு ஓடியாந்து எடுத்தீங்க. பாலு பொங்கிப் போச்சு. என்னயப் புடிச்சு வெஞ்சீங்க.”

“சரி சாமி, நீதான்” என்றாள் ராசாத்தி. அப்புறம் குரல் மாறிவிட்டது. “கொஞ்ச நேரம் முன்னால ஒருத்தி உன்னையாட்டமே பேசுனா கண்ணு. அச்சு அசல் உங்கொரலு. நானு ஏமாறுவனா, ரெண்டு வாங்கு வாங்கி வெச்சுட்டேன்.”

“அதும் நான்தானுங்க.”

சௌமியா விவரத்தை ஒரே மூச்சில் சொன்னாள். கடன் பாஸ்புக்கு, ஆதார், கையெழுத்து, நாலு மணி.

“அப்ப காத்தால கூப்புட்ட அந்த ஆளு நெசமாலுமே பேங்க்கு சாரா?” என்றாள் ராசாத்தி. “கொஞ்சம் கோவமாப் பேசிப்போட்டேனே. சரி, நம்பரச் சொல்லு, எழுதிக்கறேன்.”

சௌமியா சொன்னாள். ராசாத்தி எழுதிவிட்டுத் திருப்பிப் படித்தாள். நாற்பத்து நாலுக்கு அப்புறம் ஒரு சைபர் இருந்தது.

“சைபர் வேண்டாமுங்க, அம்மா.”

“வெளியூரு நம்பருக்குச் சைபர் போடாம எப்படி லைன் கெடைக்கும்? உங்கப்பன் நம்பருக்கெல்லாம் சைபர் போட்டுத்தான எழுதி வெச்சிருக்கறேன்.”

“அது அந்தக் காலமுங்க. இதுக்குப் போட்டாப் போவாது. பேங்க்குல தப்பா எழுதிக் குடுத்துட்டா அவரு கூப்பிடறது எனக்கு வராது.”

“உங்கிட்டயே கேட்டு எழுதறேன், அப்பறம் என்ன. அடிச்சுட்டேன், போ.” பேனா தாளில் அழுத்தமாகக் கிறுக்குகிற சத்தம் கேட்டது. “பஸ்ஸு ரெண்டு பத்துக்கு. நான் வாரேன்.”

எங்கே வருகிறாள் என்று கேட்கக்கூடாது. கொங்கு நாட்டில் போகிறவர்கள் எல்லோரும் வாரேன் என்றுதான் சொல்லிப் போவார்கள்.

சௌமியா பல்கலைக்கழகத்தின் மாணவர் சேவை அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த பெண் அவளுடைய பதிவைத் திறந்து பார்த்து, புது நம்பர் ஏறியிருக்கிறது, பணம் அனுப்பிய சான்றுதான் பாக்கி, அது வந்தால் போதும், பணம் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாம் என்றாள். சௌமியா வங்கிக்கு அதே புது நம்பரை எழுதி, பதிவான மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்தரை ஆயிற்று. பத்து நாற்பது ஆயிற்று. ஊரில் மூன்று பத்து. பஸ் திருச்செங்கோட்டுக்குப் போயிருக்குமா, அம்மா சைபரை மறுபடியும் போட்டுவிட்டிருப்பாளா என்று கணக்குப் போட்டுப் போட்டு நகத்தைக் கடித்தாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது. தொண்ணூற்றொன்றில் தொடங்கி, திருச்செங்கோட்டின் 4288-ஐத் தாங்கிய தரைவழி நம்பர்.

“சௌமியாங்களா? வெங்கடாசலம் பேசறேன்.” அவர் அவளுடைய பிறந்த தேதி, அப்பா பெயர், படிப்பின் பெயர், பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. “சரி, உறுதியாயிருச்சு. இப்பவே அனுப்பச் சொல்லிடறேன். அனுப்புன சான்று சாயங்காலத்துக்குள்ள உங்க மெயிலுக்கு வந்துரும்.”

“ரொம்ப நன்றிங்க சார். அம்மா காலைல உங்களக் கோவமாப் பேசிட்டாங்களாமா. மன்னிச்சுக்கோங்க.”

வெங்கடாசலம் சிரித்துவிட்டார். “மன்னிக்கறதா? நானு இந்த ரெண்டு வருசத்துல எழுபது கூட்டம் போட்டிருக்கறேனுங்க. கேட்டதக் கேட்டபடி செஞ்ச ஒரே ஆளு உங்கம்மாதான். நீங்க பேங்க்குன்னு எப்படி நம்பறது, நேர்ல வந்து உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் ஆச்சுன்னு சொன்னாங்க. வந்து பாத்துட்டாங்க. இப்ப முன்னால உக்காந்திருக்கறாங்க. அடுத்த கூட்டத்துல நீங்க பேசுங்கன்னு கேட்டிருக்கறேன்.”

“என்னன்னாங்க?”

“மாட்டுக்குத் தீவனம் வெச்சுட்டு நேரமிருந்தா வாரேன்னாங்க.”

போனை வைத்ததும் சௌமியா அந்த அலுவலகத்தின் நடுவில் நின்றபடியே சிரித்தாள். மாணவர் சேவைப் பெண் என்ன என்று கேட்டாள். என் அம்மா வங்கி அதிகாரியை நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்காது. சௌமியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டாவதோடு நிறுத்திய ஒரு பெண்பிள்ளை. பெற்ற மகளே அழுதாலும் நம்பரைப் பார்த்துத்தான் நம்புவேன் என்று நின்றிருக்கிறாள். தன்னிடம் இருக்கிற ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் ஒன்றை மறந்திருந்தாள். அம்மா எதையும் மறக்கவில்லை.

சான்று மத்தியானமே வந்தது. வியாழக்கிழமை வரை போகாமல் அன்றைக்கே பதிவு முடிந்து மாணவர் அட்டையும் கைக்குக் கிடைத்தது. அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று வாட்ஸப்பைத் திறந்தாள். காலையில் ஒற்றைக் குறியோடு நின்ற செய்திக்குக் கீழே அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. தடையை எடுத்துவிட்டிருக்கிறாள்.

பீரோக் கதவு. பதினான்கு நம்பர்கள், பதினான்கு மாநிலப் பெயர்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் சைபர், எல்லாவற்றின் மேலும் கோடு. அவற்றுக்குக் கீழே புது ஸ்கெட்ச் பேனாவால், சைபர் இல்லாமல், கொட்டை எழுத்தில் பதினைந்தாவது. பக்கத்தில் ‘சௌமியா, இங்கிலாந்து’ என்று இருந்தது.

படத்தோடு ராசாத்தி குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். “உங்கப்பன் நம்பருக்கெல்லாம் நாந்தான் கோடு போட்டேன். இதுக்கு நீயே வந்து போடு சாமி. அவசரமில்ல. படிச்சு முடிச்சுட்டு வா.”

சௌமியா அதை இரண்டு தரம் கேட்டாள். பிறகு போனில் அம்மாவின் நம்பரை எடுத்து அழுத்தினாள். இரண்டு மணி போனதும் வைத்தாள்.